அறுவடைக்கு எத்தனை சாக்கு வாங்குவது?

கேள்வி: 2 ஏக்கர் 80 சென்ட் நெல். ஏக்கருக்கு 2,500 கிலோ வரும் என்கிறார்கள். 75 கிலோ சாக்கில் போட்டால் 93.3 வருகிறது. 93 வாங்கினால் போதுமா?

போதாது. 94 வாங்கினாலும் போதாது. புள்ளிக்குப் பின்னால் எது வந்தாலும் மேலே ஒன்று கூட்ட வேண்டும் என்பது சரிதான், மிச்ச நெல்லுக்கும் ஒரு சாக்கு வேண்டுமே. ஆனால் உங்கள் கணக்கில் இடிப்பது அந்த 0.3 இல்லை, அந்த 75.

சாக்கில் அச்சடித்த எடை எந்தத் தானியத்துக்கு என்று பாருங்கள். உங்களுடையதும் பழைய மக்காச்சோளச் சாக்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சாக்குக்குக் கொள்ளளவுதான் நிலையானது, எடை இல்லை. நெல் உமியோடு இருப்பதால் இடத்தை அடைக்கும். ஒரு கன மீட்டரில் மக்காச்சோளம் 700 கிலோவுக்கு மேல் பிடிக்கும், நெல் 550 முதல் 600 வரைதான். 75 கிலோ மக்காச்சோளம் பிடிக்கும் சாக்கில் 75 கிலோ நெல்லை நின்று மிதித்தாலும் திணிக்க முடியாது.

எங்கள் வீட்டில் இதற்காகப் பெரிய வாக்குவாதமே நடந்தது. பத்திரத்தில் 2 ஏக்கர் 45 சென்ட். வரப்பு, வாய்க்கால், களம் போக நெல் நிற்பது 2.35 ஏக்கர். (வரப்பு என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் ஒவ்வொரு உழவிலும் எங்கள் பக்கம் ஒரு மண்வெட்டி அகலம் கழித்துக்கொண்டே வருகிறார். அளந்து கல் நட்ட பிறகும் நிற்கவில்லை. இப்படிப்பட்டவர் பக்கத்தில் இருந்தால் பத்திரத்தை நம்பாமல் ஒருமுறை நாடா பிடித்து அளந்துவிடுங்கள்.)

முந்தைய போகங்களில் ஏக்கருக்கு 2,400 கிலோ கண்டிருந்தோம். மொத்தம் 5,640 கிலோ. சித்தப்பா அதை 75 ஆல் வகுத்து, 75 சாக்கு போதும் என்றார். அந்த 2,400 காய வைத்த நெல்லின் எடை, அதாவது 14 சதவீத ஈரம். மெஷினிலிருந்து கொட்டும்போது அவ்வளவு காய்ந்திருக்காது.

மெஷின் திரும்புவதற்காக முந்தைய நாளே மூலைகளைக் கையால் அறுத்து அடித்து வைத்திருந்தோம். அந்த நெல்லில் ஒரு சாக்கு நிரப்பி, வாய் தைப்பதற்கு ஒரு சாண் விட்டு, தராசில் ஏற்றினேன். 55 கிலோ. ஈரமானியில் 22 சதவீதம். இனி கணக்கு இப்படி: 5,640 கிலோவில் ஈரம் 14 சதவீதம் என்றால் மீதி 86 சதவீதம் தானியம். அறுக்கும்போது அதே தானியம் மொத்த எடையில் 78 சதவீதம்தான். ஆகவே 5,640 ஐ 86 ஆல் பெருக்கி 78 ஆல் வகுக்க, சுமார் 6,220 கிலோ. 55 ஆல் வகுத்தால் 113.1, அதாவது 114. கிழிசலுக்கு 6 சேர்த்து 120 வாங்கினேன். சித்தப்பாவுக்குக் கோபம், வீண் செலவு என்று அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

நிரம்பியது 111 சாக்கு. அவர் சொன்ன 75 சாக்கில் 4,125 கிலோதான் அடங்கியிருக்கும். மூன்றில் ஒரு பங்கு நெல் வயலிலேயே குவிந்து கிடக்க, சாக்குக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்திருப்போம்.

சிலர் வந்து, நாங்கள் காலங்காலமாக மூட்டைக் கணக்கில்தானே சொல்கிறோம், இதற்கு ஈரமானி எதற்கு என்பார்கள். ஒரே சாக்கு, ஒரே நெல் என்றால் அந்தப் பழக்கம் சரியாகவே வரும், அதை நான் மறுக்கவில்லை. சாக்கு மாறினாலோ ரகம் மாறினாலோதான் இடறும். இரண்டு ரகம் போட்டு விதைக்காகத் தனித்தனியே வைப்பதாக இருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனியாக வகுத்துத் தனியாக மேலே கூட்டுங்கள். மொத்தமாகக் கூட்டி வகுத்தால் ஒரு சாக்கு குறையலாம்.

ஈர நெல்லைச் சாக்கிலேயே வைத்திருக்கவும் வேண்டாம், உள்ளே சூடேறி நிறம் மாறிவிடும். களத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டுவதற்குத்தான் இந்த எண்ணிக்கை. காய வைத்து மறுபடி பிடிக்கும்போது மொத்த எடையும் குறைந்திருக்கும், சாக்குக்குப் பிடிக்கும் எடையும் மாறியிருக்கும். அப்போது இன்னொரு சாக்கை எடை போட்டுப் பாருங்கள்.

உங்கள் 7,000 கிலோவும் காய்ந்த எடைதான், அறுக்கும்போது ஈரம் 22, சாக்குக்கு 55 கிலோ என்று வைத்தால் 141 வருகிறது. வாங்கும் முன் ஓரத்தில் கொஞ்சம் அறுத்து ஒரே ஒரு சாக்கை நிரப்பி எடை பார்த்துவிடுங்கள். 55 க்குப் பதில் 60 வந்தால் 129 போதும்.