வாயில் ஓடும் மெட்டை எழுதிக் காட்டுவது எப்படி?

"ஒரு மெட்டு வாயில் ஓடுகிறது, வரி தெரியவில்லை. எழுத்தில் சொன்னால் கண்டுபிடிக்க முடியுமா?"

முடியும். ஒவ்வொரு ஒலியும் முந்தியதைவிட ஏறுகிறதா, இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்று எழுதுங்கள். ஹாப்பி பர்த்டே பாட்டின் முதல் அடி: தொடக்கம், அதே, ஏற்றம், இறக்கம், ஏற்றம், இறக்கம். தாளத்துக்கு 'த த தா தா தா தாஆ' என்று குறில் நெடிலாக எழுதினால் போதும்.

ஆளுக்கு ஆள் சுருதி மாறும், இந்த வரிசை மாறாது. எந்த மாடியில் நின்று தொடங்கினாலும் படி ஏறி இறங்குவது ஒன்றுதானே? ஒரு சிக்கல்: அதே பாட்டின் இரண்டாம் அடிக்கும் இதே வரிசைதான், இரண்டாவது ஏற்றம் மட்டும் இன்னும் உயரமான தாவல். அதனால் பெரிய தாவல்களையும் குறியுங்கள், ஓரடியோடு நிறுத்தாதீர்கள்.

அப்புறம், சரிகம தெரிந்தால்தான் முடியும் என்று பலர் தயங்குகிறார்கள். இதில் சுரத்தின் பெயரே தேவையில்லை.