மொட்டைமாடி ஹோஸ் ரீலில் தண்ணீர் ஏன் மெல்ல வருகிறது?

"வெள்ளவத்தையில எங்கட மொட்டைமாடிச் சுவரில ஹோஸ் ரீல் பூட்டினம். கீழ் வீட்டில பீச்சி அடிக்குது, மேல சொட்டுது. பைப் பழுதோ?"

பழுதில்லை, உயரம்தான் போதவில்லை. தாங்கியின் நீர்மட்டம் பைப்புக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் தண்ணீருக்குத் தள்ளுவிசை. 10 மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம். தாங்கி 2 மீற்றர்தான் மேலே என்றால் 0.2 பார், மூன்று மாடி கீழே அதே தாங்கி 1 பாருக்குக் குறையாமல் கொடுக்கும். இந்தச் சொற்பத்தையும் 20 மீற்றர் அரை அங்குல ஹோஸும், அதைவிட ஒடுங்கிய கனெக்டரும் உராய்வில் தின்றுவிடும். செவ்விளநீரை நீண்ட மெல்லிய ஸ்ட்ரோவால் உறிஞ்சுவது போல.

ஹோஸைக் கழற்றிவிட்டுப் பைப்பைத் திறவுங்கள். வாளி சட்டென்று நிறைந்தால், 5 மீற்றர் முக்கால் அங்குல ஹோஸே போதும்; ரீல் அழகுக்குத்தான். நிறையாவிட்டால் சிறிய பம்ப் தேவை.

பெரிய தாங்கி வைத்தால் வேகம் கூடும் என்பார்கள். 500 லீற்றரோ 1000 லீற்றரோ, நீர்மட்ட உயரம் ஒன்றென்றால் அழுத்தமும் ஒன்றே.