கரண்ட் முடிந்த பிறகு வரும் இரண்டு வாரம்

"அம்மாவுக்கு மார்பகத்தில் ஆபரேஷன் முடிந்தது. இப்போது 15 நாள் கரண்ட் வைக்கச் சொல்கிறார்கள். கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் எதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்?"

கரண்ட் என்று நாம் சொல்கிற கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் நான் டெக்னீஷியன். அந்தத் தாளில் பலர் தாண்டிப் போகிற விஷயம் ஒன்று உண்டு: சிகிச்சை முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரத்துக்குத் தோல் புண் கூடலாம்.

15 நாள் என்றால் பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை, மூன்று வாரம். மேஜையில் கால் மணி நேரம் படுத்திருப்பார்கள். கையைத் தலைக்கு மேல் வைத்து, தோலில் போட்ட மார்க்கோடு சரிபார்க்கத்தான் அதில் அதிக நேரம் போகும். கதிர் பாய்வது சில நிமிடம், வலிக்காது. கை மேலே போகாவிட்டால் எங்களால் தொடங்கவே முடியாது, அதனால் தோள் பயிற்சியை அம்மா விடக் கூடாது. உடம்பில் கதிர் எதுவும் தங்காது, வீட்டுக்குப் போய்ப் பேரக் குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். ஒரு நாள் வர முடியாவிட்டால் உடனே போன் செய்யுங்கள், அந்த நாளை எப்படி ஈடுகட்டுவது என்று டாக்டர் சொல்வார்.

தோல் விஷயத்துக்கு வருகிறேன். நம் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, கறுத்துத்தான் போகும். 'சிவக்கவில்லையே' என்று இருந்துவிடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்புப் போட்டுக் குளிக்கலாம், மார்க்கைத் தேய்க்கக் கூடாது. ஒற்றித் துடைக்க வேண்டும். மஞ்சள், பவுடர், சந்தனம் வேண்டாம். பிரிவில் சொன்ன கிரீம் மட்டும். மார்புக்கு அடியில் மடியும் இடம்தான் முதலில் உரியும். வியர்வை தங்கி, தோலோடு தோல் உரசுகிற இடம். பருத்தித் துணி, கம்பி இல்லாத உள்ளாடை போதும்.

எங்களிடம் வந்த ஓர் அம்மா, கடைசி நாளோடு கிரீமையும் நிறுத்திவிட்டார். எட்டாம் நாள் மடிப்பில் தோல் உரிந்து நீர் கசிந்தது. 'சிகிச்சைதான் முடிந்துவிட்டதே' என்று எங்களைக் கூப்பிடாமல் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார். செக்கப்புக்கு வந்தபோது சீழ் வைத்திருந்தது. கசிந்த அன்றே வந்திருந்தால் ஒட்டாத டிரெஸ்ஸிங் போட்டு அனுப்பியிருப்போம், அவருக்கு அத்தனை வலி இருந்திருக்காது.

சோர்வும் இதே மாதிரிதான். இரண்டாம் வாரம் தொடங்கி, முடிந்த பிறகும் சில வாரம் இழுக்கும். மதியம் அரை மணி நேரத் தூக்கம், சாயந்தரம் சின்ன நடை, இரண்டும் வேண்டும். முழு நாளும் படுத்தே இருந்தால் அசதி கூடும்.

நீர் கசிந்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டாலோ, கை வீங்கினாலோ செக்கப் தேதி வரை காத்திருக்காமல் அன்றே கூப்பிடுங்கள். அப்புறம், சில வாரமோ சில மாதமோ கழித்து விடாத வறட்டு இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால், பக்கத்து டாக்டரிடம் போனாலும் 'மார்பில் கரண்ட் வைத்தோம்' என்று சொல்லுங்கள். நுரையீரலின் ஓரத்தில் கதிர் பட்ட இடம் வீங்கியிருக்கலாம், அதற்கு மருந்து வேறு.