ஒரே 0.90, வேறு வேறு படிகள்

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையின் அலுவலகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். தலைமையகம் அனுப்பிய சம்பளத் தாளில் பதினான்கு ஆண்டு அனுபவமுள்ள பெண் கிராணிக்கும், எடைமேடை மேற்பார்வையாளருக்கும் கம்பா-ரேஷியோ 0.90தான். ஆனால் ரேஞ்ச் பெனிட்ரேஷன் அவருக்கு 25%, இவருக்கு 35%. எதை வைத்து நியாயம் பார்ப்பது?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு கணக்கும் சரிதான். அடிப்படைச் சம்பளத்தை அந்தத் தரநிலையின் நடுப்புள்ளியால், அதாவது வேலையை முழுமையாகத் தெரிந்தவருக்குக் கொடுக்கலாம் என்று நிறுவனம் கருதும் தொகையால் வகுத்தால் கம்பா-ரேஷியோ வரும். ரேஞ்ச் பெனிட்ரேஷனோ, கீழ் எல்லையிலிருந்து மேல் எல்லை வரையுள்ள தூரத்தில் ஒருவர் எவ்வளவு ஏறியிருக்கிறார் என்பதைக் காட்டுகிறது. B சம்பளம், C கீழ் எல்லை, D நடுப்புள்ளி, E மேல் எல்லை என்றால்:

```
=B2/D2
=(B2-C2)/(E2-C2)
```

கிராணியின் வீச்சு 2,000 முதல் 3,000 ரிங்கிட், சம்பளம் 2,250 என்று வைத்துக்கொள்வோம். நடுப்புள்ளி 2,500 என்பதால் 0.90, ஏறியது கால் பங்கு. மேற்பார்வையாளரின் வீச்சு 2,400 முதல் 4,800, சம்பளம் 3,240 என்றால் அவருக்கும் 0.90தான், ஆனால் வீச்சு அகலமானதால் 35% ஏறிவிட்டார். கிராணியின் தரநிலையில் 0.80 என்பதே அடிமட்டம். மேற்பார்வையாளருக்கு அது ஏறத்தாழ 0.67. எனவே வெவ்வேறு தரநிலையினரை ஒப்பிடும்போது கம்பா-ரேஷியோவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

ஒரே தரநிலைக்குள் இந்தச் சிக்கல் இல்லை. இரு அளவுகளும் ஆட்களை ஒரே வரிசையில்தான் நிறுத்தும். நியாயத்தை அங்கேதான் தேட வேண்டும். இரண்டு ஆண்டுக்கு முன் வெளியிலிருந்து வந்த இன்னொரு கிராணி 2,550 வாங்குகிறார் என்றால் அவருடைய எண் 1.02, இருவரின் சராசரி 0.96 என்று தாளில் அழகாகத்தான் தெரியும், பதினான்கு ஆண்டுக்காரரின் குறை அதில் மறைந்துவிடும். வேலைத்தரமும் பொறுப்பும் ஒன்றாக இருந்தும் இந்த 300 ரிங்கிட் இடைவெளி எப்படி வந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும், புதியவரைச் சந்தை விலைக்கு எடுத்துவிட்டு, பழையவருக்கு ஆண்டுதோறும் சிறு உயர்வு மட்டும் கொடுத்து வந்ததே காரணமாக இருக்கும்.

ஒப்பிடும்முன் இரண்டைச் சரிபாருங்கள். ஓவர்டைமும் அலவன்சும் B-இல் சேர்ந்திருந்தால் குறைந்த சம்பளக்காரரும் 1.00-ஐத் தாண்டித் தெரிவார். சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பள வரியை மட்டும் எடுங்கள். வீச்சு பழையதா என்பதையும் பாருங்கள்: 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500-இலிருந்து 1,700 ரிங்கிட்டானது. தாளின் கடைசித் தரநிலை இன்னும் 1,500-இல் தொடங்கினால் மற்ற நடுப்புள்ளிகளும் புதுப்பிக்கப்படாதவையாக இருக்கலாம். அப்படியானால் எல்லாருடைய எண்ணும் உண்மையைவிட உயர்ந்தே காட்டும், அந்தக் கிராணியின் 0.90 உட்பட.