அடுத்த அறையில் மாமியார்: புதுமணத் தம்பதியின் தனிமை குறித்த கேள்வி பதில்

தம்பதியருக்கு ஆலோசனை வழங்குவதே பல ஆண்டுகளாக என் தொழில். பெற்றோருடன் சேர்ந்து வாழும் புதுமணத் தம்பதியர் என்னிடம் கொண்டுவரும் குறைகளில் பாதி, மனத்தைவிடக் கதவையும் கட்டிலையும் சார்ந்தவை. ஆகவே இன்று அவற்றைப் பற்றிய கேள்விகளுக்கே முதலிடம்.

கேள்வி: திருமணமாகி ஐந்து மாதங்கள் ஆகின்றன. எங்கள் அறைக்கும் மாமனார், மாமியார் அறைக்கும் இடையே ஒரே சுவர்தான். கட்டில் சற்று அசைந்தாலே என் உடல் விறைத்துப்போகிறது. "அவர்களுக்கு ஒன்றும் கேட்காது" என்கிறார் கணவர். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

பதில்: யார் சொல்வது சரி என்று விவாதித்து முடிவுக்கு வர முடியாது, கேட்டுத்தான் பார்க்க வேண்டும். பெரியவர்கள் வெளியே சென்றிருக்கும் ஒரு பொழுதில், ஒருவர் அவர்களுடைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவர்கள் தலைவைத்துப் படுக்கும் இடத்தருகே அமைதியாக நில்லுங்கள். மற்றவர் உங்கள் அறையில் செய்தித்தாளை முதலில் இயல்பான குரலிலும், பிறகு தாழ்ந்த குரலிலும், கடைசியாகக் காதோடு பேசுவதுபோலவும் வாசிக்கட்டும். அதன் பின் கட்டிலில் அமர்ந்து அசைக்கட்டும். பிறகு இடம் மாறிக்கொள்ளுங்கள்.

என்னிடம் வந்த ஒரு தம்பதி இதைச் செய்தபோது, இருவரும் எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. சுவர் வழியே பேச்சு ஏறக்குறைய வரவே இல்லை. பேச்சு வந்த வழி கதவின் அடியில் இருந்த விரற்கடை இடைவெளி. அது நடைவழியில் இறங்கி அடுத்த கதவின் அடியில் நுழைந்துகொண்டிருந்தது. சுவர் வழியே வந்தது ஒன்றே ஒன்றுதான், கட்டிலின் தலைப்பலகை சுவரில் முட்டும் ஓசை. அது மட்டும் கதவைத் தட்டுவதுபோலத் தெளிவாகக் கேட்டது. கணவர் பேச்சை நினைத்துச் சொன்னார், மனைவி கட்டிலை நினைத்து அஞ்சினார். இருவர் சொன்னதும் உண்மை.

அவர்கள் செய்தவை சிறிய வேலைகளே. கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டார்கள். தளர்ந்திருந்த மரையாணிகளை முடுக்கினார்கள். பலகைகள் சட்டத்தில் உட்காரும் இடங்களில் மெழுகுவத்தியைத் தேய்த்ததும் கிரீச்சொலி நின்றது. கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர்த் துண்டுகளை வைத்தார்கள். தூசி வராமலிருக்கக் கதவடியில் பொருத்தும் ரப்பர்ப் பட்டை ஓசையையும் தடுத்தது. துணி நிறைந்த அலமாரியைப் பொதுச்சுவர் ஓரமாக நகர்த்தினார்கள். பிறகு மின்விசிறியை ஓடவிட்டு மீண்டும் சோதித்தார்கள். தாழ்ந்த குரல் வெறும் முணுமுணுப்பானது, கட்டில் கேட்கவில்லை.

இரண்டாம் முறை கேட்கப் போனவர் மனைவி. இது முக்கியம். அடுத்தவர் தரும் உறுதிமொழியை உடல் நம்புவதில்லை. தன் காதால் கேட்டதை நம்புகிறது. பாலுணர்வில் தூண்டும் விசை ஒன்று, தடுக்கும் விசை ஒன்று என இரண்டு தனித்தனியே இயங்குகின்றன என்பது ஜான் பான்கிராஃப்ட், எரிக் யான்சென் ஆகிய ஆய்வாளர்களின் விளக்கம். உங்களிடம் ஆசைக்குக் குறைவில்லை. தடுப்பின்மேல் கால் அழுந்தியிருக்கிறது. அதை எடுக்காமல் தூண்டுதலை மட்டும் கூட்டுவதால் பயனில்லை.

உங்கள் சுவர் கூரை வரை எட்டாத வெறும் தடுப்பாக இருந்தால் மேற்சொன்னவை போதா. அப்போது வீடு காலியாக இருக்கும் நேரத்தைத் தேடுவதே வழி.

கேள்வி: சுவரில் பஞ்சுத் தகடுகள் ஒட்டினால் ஓசை வெளியே போகாதல்லவா?

பதில்: போகும். அவை அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர, ஓசையைத் தடுக்கா. தடுப்பதற்குக் கனமும், இடைவெளியில்லாத அடைப்பும் வேண்டும்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? நாங்கள் பாட்டைச் சத்தமாக வைத்துவிடுவோம். பிரச்சினை தீர்ந்தது.

பதில்: பாதி சரி. ஓசையை ஓசையால் மறைக்கலாம். ஆனால் பாட்டு ஏறி இறங்கும், இரண்டு பாட்டுகளுக்கு நடுவே நின்றும் போகும். அந்த நொடியில் இருவரும் சிலையாகிவிடுவீர்கள். மேலும் சில இரவுகளில் மட்டும் பாட்டு வைத்தால் அதுவே வீட்டுக்கு அறிவிப்பாகிவிடும். மின்விசிறி போன்ற ஒரே சீரான ஓசையைப் படுக்கப் போகும் எல்லா இரவுகளிலும் ஓடவிடுங்கள்.

கேள்வி: மணமாகி மூன்று மாதங்கள். வீட்டில் இருக்கும்போது பாதியிலேயே விறைப்பு போய்விடுகிறது. வெளியூரில் தங்கிய நான்கு நாட்களும் ஒரு குறையும் இல்லை. மாத்திரை வாங்கலாமா?

பதில்: வெளியூரில் குறையில்லை என்பதிலேயே பெரும்பாலான விடை இருக்கிறது. காலையில் விழிக்கும்போதும் விறைப்பு இருக்குமானால், இரத்தக் குழாய்களும் நரம்புகளும் தம் வேலையைச் செய்கின்றன என்று பொதுவாகக் கொள்ளலாம். நடைவழியில் காலடி ஓசை கேட்டதும் உடல் ஆபத்துக்கு ஆயத்தமாகிறது. அப்போது சுரக்கும் அட்ரினலின் ஆணுறுப்பின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. முதலில் மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள். அத்துடன் இரண்டு வாரங்களுக்குப் புணர்ச்சியே இல்லை என்று இருவரும் பேசி முடிவுசெய்துகொண்டு, தொடுதலோடு நிறுத்துங்கள். தேர்வு எழுதும் நினைப்பு அப்போதுதான் விலகும். மருத்துவரைக் கேளாமல் மாத்திரை வேண்டாம். நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மருந்துகளோடு சேர்ந்தால் அது இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தும். எந்த இடத்திலும் விறைப்பு வருவதில்லை என்ற நிலை ஏற்பட்டால், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்க மருத்துவரிடம் போக வேண்டும்.

கேள்வி: எங்கள் அறைக்கு உட்பக்கத் தாழ்ப்பாளே இல்லை. அத்தை தட்டாமல் உள்ளே வந்துவிடுகிறார். கணவரிடம் சொன்னால், "நீயே அம்மாவிடம் கேள்" என்கிறார்.

பதில்: கூடாது. அவரவர் பெற்றோரிடம் அவரவரே பேச வேண்டும். மருமகள் கேட்டால் அது குற்றச்சாட்டாகக் கேட்கும். மகன் சொன்னால் அது வீட்டுச் செய்தி. "அவளுக்குப் பிடிக்கவில்லை" என்று தொடங்கினால், பேசியது மகனாயினும் பழி உங்கள்மீதுதான் விழும். இப்படிச் சொல்லட்டும்: "அம்மா, எங்கள் அறைக்குத் தாழ்ப்பாள் போடப்போகிறேன். கதவு சாத்தியிருந்தால் தட்டிவிட்டு, நாங்கள் பதில் சொல்லும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்." பதில் வரும் வரை என்பதை விட்டுவிட வேண்டாம், தட்டிக்கொண்டே திறப்பவர்கள் பலர். ஏதேனும் நடந்து எல்லோரும் கூசிப்போயிருக்கும் மறுநாள் காலையில் இதைப் பேசக் கூடாது. வேறு வீட்டு வேலைகளைப் பேசும் சாதாரண வேளையே ஏற்றது. பெற்றோர் அறைக்கும் நீங்கள் இருவரும் அதே முறையைக் கடைப்பிடியுங்கள்.

கேள்வி: நான் மாமியார். மருமகள் பகலிலும் தாழிட்டுக்கொள்கிறாள். என் துணிமணிகளும் வீட்டுப் பத்திரங்களும் அந்த அறை அலமாரியில்தான் இருக்கின்றன. என் பொருளை எடுக்க என் வீட்டிலேயே நான் வெளியில் நிற்க வேண்டுமா?

பதில்: நீங்கள் கேட்டதற்கு நன்றி அம்மா, இதுவரை யாரும் தொடாத வேரைத் தொட்டிருக்கிறீர்கள். அடுத்தவர் பொருள் இருக்கும் அறை ஒருபோதும் ஒரு தம்பதியின் அறையாக இருக்க முடியாது. ஒரு நாளில் எத்தனை முறை அந்த அலமாரிக்காகப் போகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அலமாரி இடம் மாறினால் அந்தக் கதவைத் தட்ட வேண்டிய தேவையில் பெரும்பகுதி போய்விடும்.

கேள்வி: அந்தக் காலத்தில் ஒரே கூடத்தில் பத்துப் பேர் படுத்தோம். பிள்ளைகளையும் பெற்றோம். தாழ்ப்பாள், பட்டை, ரப்பர் என்பதெல்லாம் இக்காலத்து ஆடம்பரம்.

பதில்: பிள்ளை பிறந்தது கரு உண்டானதற்குச் சான்று ஐயா. இருவரும் மகிழ்ந்தார்கள் என்பதற்கு அது சான்றாகாது.

கேள்வி: முன்பு எழுதிய அதே மாமியார்தான். அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பத்துப் பேர் நடுவே படுத்தவள் நான். மூச்சுவிடவும் அஞ்சிக்கொண்டு பல ஆண்டுகள் கழித்தேன். அலமாரியை நாளையே மாற்றிவிடுகிறேன். ஆனாலும் பகல் தாழ்ப்பாள் உறுத்துகிறது.

பதில்: அந்த உறுத்தலைத் தவறென்று சொல்ல மாட்டேன். பகலில் தாழிட்ட கதவுக்குப் பின்னால் மருமகள் உறங்கலாம், உடை மாற்றலாம், அழவும் செய்யலாம். எதற்காக என்று அவர் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். வெளியில் இருப்பவருக்கு அது ஒதுக்கப்பட்டதாகத் தோன்றுவதும் இயல்பே. இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. தாழ் திறந்திருக்கும் நேரங்களில் அவர் உங்களோடு எப்படி இருக்கிறார் என்பதைப் பாருங்கள். கதவைவிட அது சரியான அளவுகோல்.

கேள்வி: பத்துப் பேர் என்று எழுதியவன் நான்தான். என் மனைவியை நான் இதுவரை கேட்டதில்லை.

பதில்: இப்போதும் கேட்கலாம்.

கேள்வி: மாமியாரிடம் தனிமை வேண்டுமென்று எப்படிச் சொல்வது?

பதில்: இதே கேள்வி இன்று வேறு சொற்களில் நான்கு முறை வந்துவிட்டது. அவரவர் பெற்றோரிடம் அவரவரே. சொல்லவேண்டிய வாக்கியமும் மேலே இருக்கிறது.

கேள்வி: என் கணவர் சம்பளத்தை முழுவதும் அவருடைய அம்மாவிடமே கொடுக்கிறார். இது எங்கள் தனிமையைப் பாதிக்காதா?

பதில்: பாதிக்கலாம், ஆனால் அது பணக் கேள்வி. அதை வேறொரு நாளில் பேசுவோம்.

கேள்வி: ஆணுறையை எங்கே வைப்பது? குப்பைத்தொட்டியையும் அத்தைதான் காலி செய்கிறார்.

பதில்: பூட்டக்கூடிய சிறிய பெட்டியில், வெயிலோ வெப்பமோ படாத இடத்தில் வையுங்கள். பணப்பையில் வைத்தால் சூட்டிலும் உராய்விலும் ரப்பர் கெட்டுவிடும். பயன்படுத்தியதை முடிச்சிட்டுக் காகிதத்தில் சுற்றி, உங்கள் அறையிலேயே மூடியுள்ள சிறு தொட்டி ஒன்றை வைத்துப் போடுங்கள். அதைக் கணவரே வெளியே கொண்டுபோய்க் கொட்டட்டும். கழிப்பறையில் மட்டும் போடாதீர்கள். குழாய் அடைத்துக்கொண்டால், அடைப்பை எடுப்பவர் அதை வீட்டார் அனைவர் முன்னிலையிலும் வெளியே இழுப்பார்.

கேள்வி: ஓசை கேட்குமே என்று அவசரமாக முடித்துக்கொள்கிறோம். எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார்கள்.

பதில்: தானாகச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். அவசரத்தில் ஈரம் சுரக்க நேரமில்லை. மூச்சை அடக்கும்போது இடுப்பின் அடித்தசைகளும் இறுகுகின்றன. வலியை எதிர்பார்க்கப் பழகிய உடல் அடுத்த முறை இன்னும் முன்னதாகவே இறுகிக்கொள்ளும். எனவே வலிக்கும்போது நிறுத்திவிடுங்கள். நேரம் இருக்கும் நாளில் மட்டும் முயலுங்கள். நீரில் கரையும் மசகைப் பயன்படுத்துங்கள். ரப்பர் ஆணுறையோடு எண்ணெய் கூடாது, அது கிழிந்துவிடும். போதிய நேரம் கொடுத்தும் வலித்தால், அல்லது ஒரு விரல்கூட நுழைய முடியாமல் தசை இறுகினால், மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவரிடம் செல்லுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.

கேள்வி: பட்டை பொருத்தினோம், கட்டிலையும் நகர்த்தினோம். பேச்சு இன்னும் கேட்கிறது.

பதில்: ஜன்னல். இரண்டு அறைகளின் ஜன்னல்களும் ஒரே பக்கம் திறந்திருந்தால் ஓசை அந்த வழியே சுற்றிப் போகும். முதல் பதிலில் இதைச் சொல்ல விட்டுவிட்டேன்; ஜன்னலைச் சாத்தி இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள்.