கேள்வி-பதில்: 98 வார்த்தைக்கு 16 மணி நேரமா?

கேள்வி: 1858-ல் விக்டோரியா ராணி அமெரிக்க அதிபருக்குக் கடலடித் தந்தி அனுப்பினாராம். மொத்தம் 98 வார்த்தை. போய்ச் சேர 16 மணி நேரம் ஆனதாம்! மின்சாரம்தான் கண்மூடித் திறப்பதற்குள் பாய்கிறதே, தந்தி குமாஸ்தா தூங்கிவிட்டாரா? கொஞ்சம் வோல்ட்டைக் கூட்டி விட்டிருந்தால் பறந்திருக்காதா? இதைப் போய் 'நிமிடங்களில் கண்டம் தாண்டியது' என்று எழுதுகிறீர்களே!
(வாசகர், விருதுநகர்)

பதில்: குமாஸ்தா தூங்கவில்லை. இரு கரையிலும் ராப்பகலாக விழித்திருந்தார்கள். உங்கள் வோல்ட் யோசனையும் புதிதல்ல. அந்தக் கேபிள் கம்பெனியின் மின்துறைத் தலைவராக இருந்த வைல்ட்மேன் வைட்ஹவுஸ் அதைத்தான் செய்தார். ஐந்தடி நீளத் தூண்டு சுருள்களை வைத்து ஏறக்குறைய 2,000 வோல்ட் கொடுத்தார். ஒரு மாதம் ஆவதற்குள் கேபிள் செத்தது. அவர் தொழிலால் அறுவை மருத்துவர் என்பது உபரித் தகவல்.

தரையில் கம்பம் நட்டுக் கட்டிய தந்திக் கம்பிக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. கம்பி காற்றில் தொங்குகிறது, பூமி எட்டத்தில் இருக்கிறது. தூரம் அதிகமானால் நடுவில் ஒரு ரிலேவை வைத்து, புது பேட்டரியால் மறுபடி தள்ளிவிடலாம். கடலடியில் ரிலே வைக்க அந்தக் காலத்தில் வழியே இல்லை. அயர்லாந்தின் வலென்ஷியாவில் தட்டினால், நியூஃபவுண்ட்லாந்தில்தான் அடுத்த மனிதர். இடையில் சுமார் 2,000 கடல் மைல் ஒரே கம்பி.

அந்தக் கம்பியின் வயிற்றைப் பாருங்கள். நடுவில் ஏழு செம்பு இழைகளை முறுக்கிய கடத்தி. அதைச் சுற்றி கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் உறை. அதற்கு மேல் சணலும் இரும்புக் கம்பிக் கவசமும். வெளியே உப்புத் தண்ணீர். செம்பும் மின்சாரத்தைக் கடத்தும், கடல்நீரும் கடத்தும், இடையில் மெல்லிய மின்காப்பு. பள்ளிக்கூடத்தில் மின்தேக்கி என்று படித்தோமே, அதேதான், அட்லான்டிக் நீளத்துக்கு! சாவியை அழுத்தியதும் மின்சாரம் முதலில் இந்தத் தேக்கியை நிரப்பிக்கொண்டே போக வேண்டும். மடையைத் திறந்த மாத்திரத்தில் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடுகிறதா? வாய்க்கால் குடித்தது போக மெல்லக் கசிந்து, பிறகுதான் பெருகும். மடையை அடைத்த பிறகும் வாய்க்காலில் நின்ற தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். கேபிளிலும் அப்படித்தான். ஒரு புள்ளி தட்டினால் மறுகரையில் அது மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக வடியும். வடியுமுன் அடுத்த புள்ளியைத் தட்டினால் இரண்டும் ஒன்றாகக் கலந்து ஒரே வீக்கமாக வந்து சேரும்.

கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) 1855-லேயே இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். கேபிளின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் மின்தடை இரண்டு மடங்கு, தேக்கும் அளவும் இரண்டு மடங்கு. இரண்டும் சேர்ந்து தாமதம் நான்கு மடங்கு. மூன்று மடங்கு நீளத்துக்கு ஒன்பது மடங்கு. ஆங்கிலக் கால்வாயில் ஒழுங்காக ஓடிய தந்தி அட்லான்டிக்கில் நொண்டியதற்கு இதுதான் காரணம். செம்பைத் தடிமனாக்கு, உறையையும் தடிமனாக்கு என்றார் தாம்சன். வைட்ஹவுஸ் 1856-ல் இந்தக் கணக்கே தப்பு என்று அறிஞர் சபையில் பேசினார். கேபிளுக்கும் ஏற்கெனவே ஆர்டர் கொடுத்தாகிவிட்டது.

இப்போது உங்கள் வோல்ட்டுக்கு வருவோம். இரண்டு மடங்கு வோல்ட் கொடுத்தால் மறுகரையில் எழும் அலை இரண்டு மடங்கு உயரும். வாஸ்தவம். வடியாமல் நிற்கும் வாலும் அதே இரண்டு மடங்கு உயருமே! அலையின் உயரம் மாறும், வடிவம் மாறாது. கலந்துபோன இரண்டு புள்ளிகள் பெரிய எழுத்தில் கலந்து வரும், அவ்வளவுதான். தேவைப்பட்டது பெரிய அலை அல்ல. பெரிய வீக்கத்தின் மேல் ஓடும் சின்னச் சின்ன நெளிவுகளைப் பிரித்துக் காட்டும் ஒரு கருவி.

தாம்சன் அதைச் செய்தார். நகக்கண் அளவுக்கு ஒரு கண்ணாடி, அதன் முதுகில் ஒட்டிய துளித்துளிக் காந்தங்கள். எல்லாம் சேர்ந்து எடை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குதான். அதைப் பட்டு இழையில் கட்டி, மெல்லிய கம்பிச் சுருளுக்கு நடுவே தொங்கவிட்டார். விளக்கின் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, எதிரே உள்ள அளவுகோலில் ஒரு பொட்டாக விழும். சுருளில் துளி மின்சாரம் வந்தாலும் பொட்டு நகரும். கனமே இல்லாததால் உடனே நகரும். இதுதான் கண்ணாடி கால்வனாமீட்டர்.

இங்கே மோர்ஸ் குறியீடும் வேஷம் மாறியது. பலர் கவனிக்காத இடம் இது. தரைத் தந்தியில் புள்ளி ஒரு பங்கு நேரம், கோடு மூன்று பங்கு நேரம். கடல் கேபிளில் நீளம் குட்டை என்ற பேச்சே கிடையாது. புள்ளிக்கு மின்சாரம் ஒரு திசையில், கோட்டுக்கு எதிர்த்திசையில், இரண்டும் ஒரே அளவு நேரம். அதற்காக இரண்டு சாவிகள். மறுகரையில் பொட்டு இடப்பக்கம் போனால் புள்ளி, வலப்பக்கம் போனால் கோடு. என்ன லாபம்? மூன்று கோடுகள் கொண்ட 'ஓ' என்ற ஆங்கில எழுத்தைத் தரைக்கம்பியில் அடிக்க, இடைவெளிகளையும் சேர்த்து, 11 பங்கு நேரம் வேண்டும். கேபிள் முறையில் 5 பங்கு போதும். கூடுதலாக ஒன்று: எதிர்த்திசை மின்சாரம் முந்தைய குறியின் வாலைத் துடைத்துக்கொண்டே வரும்.

சிக்கல், ஒரே திசைக் குறிகள் அடுத்தடுத்து வரும்போதுதான். 'எச்' என்ற எழுத்துக்கு நான்கு புள்ளி. முதல் புள்ளிக்குப் பொட்டு இடப்பக்கம் நன்றாகப் பாயும். அது நடுவுக்குத் திரும்புமுன் இரண்டாவது புள்ளி வந்துவிடும். பொட்டு லேசாகத் துள்ளும். மூன்றாவதும் நான்காவதும் வெறும் நடுக்கம். ஒன்றை விட்டுவிட்டால் 'எச்' போய் 'எஸ்' ஆகிவிடும். ஆகவே கேபிள் குமாஸ்தா பொட்டு எங்கே நிற்கிறது என்று பார்க்கமாட்டார், எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று எண்ணுவார். அளவுகோலின் பூஜ்யமே அவர் கண் எதிரில் அலைந்துகொண்டிருக்கும். பொட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியாது என்பதால் ஒருவர் படித்துச் சொல்ல, பக்கத்தில் இன்னொருவர் எழுதினார்.

சரி, இத்தனை நல்ல கருவி இருந்துமா 16 மணி நேரம்? ஆம், கேபிள் பிறவியிலேயே நோயாளி. அவசரத்தில் செய்தது. செம்பின் தரம் இடத்துக்கு இடம் வேறு. வெயிலில் சுருட்டிப் போட்டு வைத்ததில் கட்டாபெர்ச்சா இளகி, செம்பு நடுவை விட்டு ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. அந்தப் பக்கம் மின்காப்பு தாள்போல் மெலிந்தது. இன்னொரு கூத்து: இரண்டு கம்பெனிகள் ஆளுக்குப் பாதி செய்தன. ஒருவர் கவசக் கம்பியை வலமாக முறுக்க, மற்றவர் இடமாக முறுக்கிவிட்டார்! நடுக்கடலில் இரண்டையும் இணைத்தால் முறுக்குப் பிரிந்துவிடுமே என்று தனியாக ஒரு மரச்சட்டம் செய்ய வேண்டி வந்தது.

ஆகஸ்ட் 5-ந் தேதி இரு கரையும் இணைந்தன. ராணியின் செய்தி 16-ந் தேதி. கசியும் கேபிளில் குறி பாதி வரும், பாதி வராது. 'திரும்ப அனுப்பு', 'மெதுவாக அனுப்பு' என்று கேட்கவே கேபிளின் நேரம் செலவானது. சராசரியாக ஒரு வார்த்தைக்குப் பத்து நிமிடம் என்று வருவது இதனால்தான். மெலிந்த இடத்தில் 2,000 வோல்ட் பாய்ந்தால் என்ன ஆகும்? உறையில் துளை விழும், கடல்நீர் செம்பைத் தொடும், மின்சாரம் மறுகரைக்குப் போகாமல் கடலில் இறங்கிவிடும். வைட்ஹவுஸை அந்த ஆகஸ்டிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் படிக்கும்படியான செய்தி நின்றது. முழுப் பழியையும் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அவர் தொடாமல் இருந்தாலும் அந்தக் கேபிள் வெகுநாள் பிழைத்திருக்காது. ஆனால் சாவைச் சீக்கிரப்படுத்தியவர் அவர்தான்.

இடையில் உருப்படியாக ஒரு வேலை நடந்தது. 1857 எழுச்சிக்காக இந்தியாவுக்குப் படை தேவைப்பட்டு, கனடாவிலிருந்த இரண்டு ரெஜிமென்ட்டுகளைத் திரும்பி வரச் சொல்லியிருந்தது லண்டன். நிலைமை மாறியதால் 'வர வேண்டாம்' என்று இந்தக் கேபிளில் ஒரு வரி போனது. மிச்சமானது ஐம்பதாயிரம் பவுண்டுக்குக் குறையாது என்றார்கள்.

அரசும் கம்பெனியும் கூட்டாக விசாரணை வைத்து, 1861-ல் அறிக்கை வந்தது. அதன்பின் செய்ததெல்லாம் தாம்சன் முன்பே சொன்னதுதான். பழைய கேபிளில் ஒரு கடல் மைலுக்குச் செம்பு 107 பவுண்டு, அதாவது சுமார் 49 கிலோ. புதியதில் 300 பவுண்டு, 136 கிலோ. கட்டாபெர்ச்சா 261 பவுண்டிலிருந்து 400 பவுண்டு ஆனது, அதையும் நான்கு அடுக்காகப் பூசினார்கள். கிரேட் ஈஸ்டர்ன் என்ற ராட்சதக் கப்பல் அதை 1866 ஜூலை 27-ல் நியூஃபவுண்ட்லாந்தில் கரையேற்றியது. முந்தைய ஆண்டு நடுக்கடலில் அறுந்துபோன கேபிளையும் அதே கப்பல் கொக்கி போட்டு இழுத்தெடுத்து, செப்டம்பரில் முடித்தது. ஆக, இரண்டு கேபிள்கள்.

புதிய கேபிளில் நிமிடத்துக்குச் சுமார் எட்டு வார்த்தை போனது. ராணியின் 98 வார்த்தையை அதில் அனுப்பியிருந்தால் பன்னிரண்டு நிமிடத்துச் சொச்சம். 'நிமிடங்களில்' என்று நாங்கள் எழுதியது 1866-க்குப் பிந்தைய கணக்கு. 1858-ஐ அதில் சேர்க்கவில்லை. கட்டணத்தைக் கேட்டால் மயக்கம் வரும்: தொடக்கத்தில் குறைந்தபட்சம் 20 வார்த்தை, 20 பவுண்டு.

இனியும் வோல்ட்தான் முக்கியம் என்று தோன்றினால், அதே செப்டம்பரில் வலென்ஷியாவில் லாட்டிமர் கிளார்க் என்ற பொறியாளர் செய்ததைக் கேளுங்கள். நியூஃபவுண்ட்லாந்து முனையில் இரண்டு கேபிள்களையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொன்னார். ஒன்றின் வழியே போய் மற்றதன் வழியே திரும்பும் பாதை, சுமார் 3,700 மைல். உள்ளூர்ப் பிரபுவின் மகளிடம் தையலுக்கு விரலில் மாட்டும் வெள்ளிக் கவசம் ஒன்றை இரவல் வாங்கி, அதில் சில சொட்டு அமிலம் விட்டு, ஒரு பொடித் துத்தநாகத் துண்டைப் போட்டார். பேட்டரி அவ்வளவுதான், ஒரு வோல்ட் தேறினால் அதிகம். தொடுப்பைக் கொடுத்து ஒரு வினாடிக்குச் சற்று மேல், அட்லான்டிக்கை இரண்டு முறை கடந்து வந்த குறியில் தாம்சனின் ஒளிப்பொட்டு அளவுகோலில் ஓரடிக்கு மேல் நகர்ந்தது.