மூன்று ரசீது, ஒரு வருடக் கணக்கு: பிரீமியம் ரசீதை எப்படிப் பிரித்து எழுதுவது?

கேள்வி: அப்பச்சி அவர் பெயரில் உள்ள ஆயுள் காப்பீட்டுக்கு அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுகிறார். காரைக்குடி ஆடிட்டர் 2025-26க்குப் பாலிசி நம்பர், காப்புக் காலம், பிரீமியம், வரி எல்லாம் பிரித்து ஒரே தாளில் கேட்கிறார். ரசீது மூன்று இருக்கிறது. இரண்டுதானே வரணும்? அதிலும் ஒன்றில்தான் ஜி.எஸ்.டி. இருக்கு. எப்படி எழுதுவது?

பதில்:

மூன்றும் சரியான ரசீதாகத்தான் இருக்கும், எதையும் ஒதுக்காதீர்கள். நீங்கள் தொகை சொல்லவில்லை. அதனால் தவணை 12,000 ரூபாய், தவணை நாள் மார்ச் 28, செப்டம்பர் 28, சேமிப்போடு சேர்ந்த எண்டோமென்ட் பாலிசி, முதல் ஆண்டு முடிந்தது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

குழப்பத்துக்குக் காரணம், ரசீதில் இரண்டு வகைத் தேதி இருப்பது. ஒன்று பணம் வரவான தேதி, இன்னொன்று தவணைத் தேதி. எந்த வருடக் கணக்கில் எழுதுவது என்பதை வரவான தேதி சொல்லும். எந்தக் காலத்துக்கான காப்பு என்பதைத் தவணைத் தேதி சொல்லும். வருமான வரியின் 80சி பிரிவில் அந்த நிதியாண்டில் கட்டிய பணத்தைத்தான் பார்ப்பார்கள்.

மார்ச் 2025 தவணையைச் சலுகை நாட்களுக்குள் ஏப்ரல் 10 அன்று கட்டியிருப்பீர்கள். செப்டம்பர் தவணையை அக்டோபர் 6இல் கட்டியிருப்பீர்கள். மார்ச் 2026 தவணையை முன்கூட்டியே மார்ச் 25இல் கட்டியிருப்பீர்கள். மூன்றும் 2025 ஏப்ரல் 1க்கும் 2026 மார்ச் 31க்கும் நடுவில் விழுகின்றன. மூன்று ரசீது வந்தது இப்படித்தான். 2025 மார்ச்சிலேயே கட்டியிருந்தால் முதல் ரசீது போன வருடத்தோடு போயிருக்கும்.

காப்புக் காலத்தை எழுதும்போது கவனம். ஒரே ஒரு தவணை கட்டினால், ஆயுள் காப்பீட்டு ரசீதின் ‘முதல்’, ‘வரை’ கட்டங்களில் பெரும்பாலும் ஒரே தேதிதான் இருக்கும். அது எந்தத் தவணையிலிருந்து எந்தத் தவணை வரை கட்டினீர்கள் என்பதைக் குறிக்கும், காப்பு முடியும் நாளை அல்ல. பக்கத்தில் ‘அடுத்த தவணை’ என்று ஒரு தேதி இருக்கும், அதற்கு முந்தின நாள்தான் முடிவு. ஆக முதல் ரசீதுக்கு 28-03-2025 முதல் 27-09-2025 வரை. இரண்டாவதற்கு 28-09-2025 முதல் 27-03-2026 வரை. மூன்றாவதற்கு 28-03-2026 முதல் 27-09-2026 வரை. ஒன்று முடிந்த மறுநாளே அடுத்தது தொடங்கினால் கணக்கு சரி. நடுவில் இடைவெளி தெரிந்தால் ஒரு தவணை விட்டுப்போயிருக்கிறது, அல்லது ஒரு ரசீது தொலைந்திருக்கிறது.

இனி வரி. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது. அதற்கு முன்பு இந்த வகைப் பாலிசிக்கு முதல் ஆண்டில் 4.5 சதவீதம், அதன்பின் 2.25 சதவீதம். எனவே முதல் ரசீதில் 12,000க்கு 270 ரூபாய் வரி, அது மத்திய வரி 135, மாநில வரி 135 எனப் பிரிந்திருக்கும். மற்ற இரண்டிலும் வரிக் கட்டத்தை வெறுமையாக விடாமல் 0 என்றே எழுதுங்கள். வெறுமையாக விட்டால் பார்க்க மறந்தது போலத் தெரியும். கூட்டுத்தொகை: பிரீமியம் 36,000, வரி 270, மொத்தம் 36,270.

சலுகை நாள் தாண்டிக் கட்டியிருந்தால் தாமத வட்டி என்று ஒரு வரி இருக்கும். அதைப் பிரீமியத்தில் கலக்காதீர்கள், தனிக் கட்டம் போடுங்கள். ‘மொத்தத்தை எழுதினால் போதாதா’ என்று கேட்பவர்கள் உண்டு. எது கழிவுக்கு வரும் என்று முடிவு செய்வது ஆடிட்டர் வேலை. பிரித்துக் கொடுத்தால்தான் அவரால் அதைச் செய்ய முடியும்.

பாலிசி நம்பரில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. ரசீதின் உச்சியில் பெரிதாக இருப்பது பல நேரம் ரசீது எண்தான். ஒரே பாலிசியின் மூன்று ரசீதிலும் மாறாமல் இருக்கும் எண்ணே பாலிசி நம்பர். எக்செல்லில் அடிப்பதானால் அந்த நெடுவரிசையை முதலில் Text என்று மாற்றுங்கள். எண்ணாகவே விட்டால் 15 இலக்கத்துக்கு மேல் உள்ளதை அது 0 ஆக்கிவிடும். ஆயுள் பாலிசிக்கு இந்தச் சிக்கல் அநேகமாக வராது, நீளமான நம்பர் உள்ள மருத்துவ, வாகனப் பாலிசிகளில் வரும்.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் பல வீடுகளில் ஏஜென்ட் கையில் பணம் கொடுத்துவிட்டு, அவர் துண்டுச் சீட்டில் எழுதிய தேதியையே பேரேட்டில் ஏற்றுகிறார்கள். மார்ச் 30இல் வாங்கிய பணத்தை அவர் ஏப்ரல் 2இல் கட்டினால் ரசீதில் ஏப்ரல் 2தான் இருக்கும், அந்தத் தொகை அடுத்த வருடத்துக்குப் போய்விடும். பெரியவர்கள் பணத்தில் இப்படி அலட்சியம் காட்டுவது எனக்கு ஆறவே ஆறாது. பங்குனி பிறந்ததும் ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

அது வெப்பத்தாளில் அச்சானதாக இருந்தால் அன்றைக்கே ஒரு நகல் எடுத்துவிடுங்கள். பீரோவில் கிடந்தால் ஒரு வெயில் காலத்திலேயே எழுத்து வெளுக்கத் தொடங்கிவிடலாம்.